உதவித்தொகை நிதி: வட்டியில் எவ்வளவு கொடுக்கலாம்?

மும்பைத் தமிழ் அமைப்புகளுக்குக் கணக்குப் பார்த்துவந்த ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பொருளாளர், மாதுங்கா: எங்கள் நிதி 50 லட்சம். வங்கி வைப்பில் 7 விழுக்காடு வட்டி. அசலைத் தொடாமல் வட்டி முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். மூலதனம் பத்திரம்தானே?

பாதி சரி. கணக்கில் 50 லட்சம் அப்படியே நிற்கும்; அதன் வாங்கும் சக்திதான் கரையும். விலைவாசி 4 விழுக்காடு ஏறினால் (ரிசர்வ் வங்கியின் இலக்கும் அதுதான்) அசலோடு ஆண்டுக்கு 2 லட்சம் சேர வேண்டும். வட்டி 3.5 லட்சம். அந்தக் கணக்குப்படி மிஞ்சுவது ஒன்றரை லட்சம்.

செம்பூர் வாசகர்: அப்படியானால் 2 லட்சத்தை அசலில் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தால் முடிந்ததே?

வரிவிலக்கு குறுக்கே நிற்கும். விலக்குப் பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 விழுக்காட்டைச் செலவிட்டாக வேண்டும். நிபந்தனையின்றி நிறுத்திக்கொள்ள முடிவது 15 விழுக்காடு, இங்கே 52,500 ரூபாய். மீதி 2,97,500. தணிக்கை, அலுவலகச் செலவு 22,500 என்று வையுங்கள், 2,75,000 நிற்கிறது. தலைக்கு 25,000 வீதம் 11 மாணவர்கள்.

அசலுக்கு வேண்டிய 2 லட்சத்தில் 1,47,500 துண்டு விழுகிறது. அது புதிய மூலதனக் கொடையாகத்தான் வர வேண்டும். 'மூலதனத்துக்கு' என்று கொடையாளர் எழுதித் தர வேண்டும்; அந்தக் கடிதம் இல்லையென்றால் அந்தப் பணமும் ஆண்டு வருமானமாகி 85 விழுக்காட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். உதவித்தொகையைப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் குழுக்கள் இந்தத் திரட்டலுக்கு பட்ஜெட்டில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

ஒரு தாய், தாராவி: என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. போன ஆண்டு உதவித்தொகை கிடைத்தது, இப்போது நிதி இல்லை என்கிறார்கள். உங்களிடம் விண்ணப்பிக்கலாமா?

என்னிடம் நிதி ஏதும் இல்லை, அம்மா. அந்தச் சங்கத்துக்கே எழுதுங்கள். ஆனால் இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் தேர்வு முறைதான் காரணம். நான்காண்டுப் படிப்புக்கு 11 பேரையும் ஒரே ஆண்டில் எடுத்தால், பணம் முழுவதும் அவர்களுக்கே கட்டுப்பட்டுவிடும். வைப்பு முதிர்ந்து 6 விழுக்காட்டில் புதுப்பிக்கப்பட்டால் வட்டி 3 லட்சம். 15 விழுக்காட்டையும் செலவையும் கழித்தால் 2,32,500. ஒன்பது பேருக்குத்தான் வரும். அந்த 15 விழுக்காட்டையும் எடுத்தால் 11 பேரும் படிப்பார்கள், அசல் மெலியும். நானாக இருந்தால் படிப்பவர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு புதியவர்களை நிறுத்திவைப்பேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் சேர்ப்பதும், வைப்புகளை வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும்படி பிரிப்பதும் இந்த நெருக்கடியைக் குறைக்கும்.

போரிவலி வாசகர்: மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இத்தனை தொல்லை இல்லையே?

வருமான வரி விதிகள் இடம் தருகின்றன. 1950ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் அவ்வளவு தாராளமில்லை. அறக்கொடை ஆணையரின் அனுமதியைக் கேட்ட பிறகே கைவையுங்கள். சந்தை விழுந்த ஆண்டில் யாருடைய தொகையை வெட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் ஆடிட்டர்களிடையேகூட ஒரே பதில் இல்லை.