கோயில் அறிவித்தல்: இரண்டு மொழியிலும் ஒரே பொருள்

"லண்டனில் அக்கா போகும் கோயிலுக்கு அறிவித்தல் எழுதுகிறேன். தமிழில் 'மேற்சட்டை கழற்றி வரவும்', ஆங்கிலத்தில் 'ப்ளீஸ் ரிமூவ் அப்பர் கார்மென்ட்ஸ்'. சரியா?"

தம்பி, இரண்டும் ஒன்றல்ல. திருகோணமலையில் நமக்கு இது ஆண்களுக்கு மட்டும் என்று சொல்லாமலே புரியும். அங்கே முதல்முறை வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்த ஆங்கில வரியைப் படித்தால் வாசலிலேயே திகைத்து நிற்பார். ஆகவே 'ஆண்கள்' என்ற சொல் இரண்டிலும் வேண்டும்.

அடுத்தது 'வரவும்'. தமிழில் அது மரியாதையான கட்டளை. 'ப்ளீஸ்' போட்டால், விரும்பினால் செய்யலாம் என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். கட்டாயமா இல்லையா என்று அக்காவிடம் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கட்டாயம் என்றால் தமிழில் 'கழற்ற வேண்டும்', ஆங்கிலத்தில் 'மஸ்ட்'.

எந்த இடத்தில் என்பதும் விடுபட்டிருக்கிறது. கொடிமரம் என்றால் எல்லாருக்கும் தெரியாது, 'இந்தக் கதவைத் தாண்டும் முன்' என்று எழுதுங்கள்:

"ஆண்கள் இந்தக் கதவைத் தாண்டும் முன் மேற்சட்டையையும் பனியனையும் கழற்ற வேண்டும்."

அப்புறம், தமிழைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, என்ன விளங்கியது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே, கட்டாயமா என்ற மூன்றும் அவர் வாயில் வராவிட்டால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.