கடை நம்பரும் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆர்டரை உறுதி செய்ய வேண்டும் என்று பேசிய ஒருவர், என் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டார். இப்போது கடை வாட்ஸ்அப் எனக்குத் திறக்கவில்லை. வாடிக்கையாளர்களிடம் என் பெயரில் பணம் கேட்கிறார்களாம்.

முதலில் போனில் சிக்னல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆள் உங்கள் நம்பருக்கு மோசடியாக வேறு சிம்மே வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து நம்பரை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் வங்கிக்குச் சொல்லுங்கள்.

சிக்னல் இருந்தால் நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அதே நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் புதிதாக வரும் எண்ணை அடியுங்கள். அடித்ததுமே அந்த ஆளின் போனில் கணக்கு மூடிவிடும். அடுத்து ஒரு பின் நம்பர் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் வைக்காத பின் என்றால் அது அவர் வைத்தது. அது இல்லாமல் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை யாருக்கும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மறுபடி நுழைந்துவிடுவார்.

அந்த ஏழு நாளைச் சும்மா விடாதீர்கள். வழக்கமான வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் அவரை உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்த வாய்ப்பு. கணக்கு திரும்பியதும் Linked devices பகுதியில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். Settings > Account > Two-step verification போய் உங்கள் பின்னை வையுங்கள், மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள்.

கடை நம்பர் வேலையை விட்டுப் போன பையன் பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

இல்லை. சிம் யார் பெயரிலோ அவர்தான் டூப்ளிகேட் சிம் வாங்க முடியும். உறவு நல்லபடியாக இருக்கும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கடை மின்னஞ்சலுக்கு மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டுதான். மாதாமாதம் மாற்றினால் போதுமா?

அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக ஒன்று வையுங்கள், அதை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் வேலையை விடும் நாளில் கட்டாயம் மாற்றுங்கள். கூகுள் கணக்கென்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் 10 பேக்கப் எண்களை அச்செடுத்துப் பெட்டியில் பூட்டுங்கள். போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும்.

பில்லிங் கணக்கைத் தினமும் பென்டிரைவில் ஏற்றுகிறேன். போதாதா?

பென்டிரைவ் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே சொருகியிருந்தால் போதாது. கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஏற்றியதும் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். வாடிக்கையாளர் நம்பர்கள் அதில் இருப்பதால் பாஸ்வேர்டும் போடுங்கள்.

நான் பார்த்த ஒரு கடையில் இரண்டு வருடம் தவறாமல் காப்பி எடுத்திருந்தார்கள். ஹார்ட்டிஸ்க் போன அன்று திறந்து பார்த்தால், ஒவ்வொரு நாளும் ஏறியிருந்தது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் மட்டும், ஒரு சில கேபி. அந்த முதலாளி பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மாதம் ஒருமுறை காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசியாகப் போட்ட பில்லின் எண் அதில் வருகிறதா பாருங்கள்.