அறுபது நாள் கடன் கேட்கும் கருவாட்டு மொத்த வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது?

"மண்டபத்தில் மீன் ஏலம் எடுத்து, நாங்களே உப்புப் போட்டுக் காயவைத்து, தூத்துக்குடி மொத்தக் கடை ஒன்றுக்கு வாரம் ஒரு லட்சத்துக்குக் கருவாடு அனுப்புகிறோம். முப்பது நாளில் பணம் வரும். இப்போது அறுபது நாள் வேண்டும் என்கிறார் அண்ணாச்சி. மறுத்தால் வேறு ஆளைப் பார்ப்பாரோ என்று பயம். சீக்கிரம் கொடுத்தால் கொஞ்சம் கழிவு தரலாமா? எவ்வளவு?"

தரலாம். நூற்றுக்கு ஒரு ரூபாய், அதற்கு மேல் வேண்டாம். ஏன் ஒரு ரூபாய் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

இன்றைக்கு உங்கள் பணம் நான்கு பில், அதாவது நான்கு லட்சம், அவரிடம் நிற்கிறது. அறுபது நாளுக்குச் சம்மதித்தால் எட்டு லட்சம் நிற்கும். ஏலத்தில் மீனுக்கும், காயவைக்கும் பெண்களின் கூலிக்கும் அன்றன்றே ரொக்கம் கொடுக்க வேண்டியிருப்பதால், கூடுதலான நான்கு லட்சத்தை நீங்கள் வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வட்டி என்று வைத்தால் மாதம் எட்டாயிரம். நான்கு லட்சம் வியாபாரத்தில் எட்டாயிரம் என்றால் இரண்டு சதவீதம் விலையைக் குறைத்துக் கொடுத்ததற்குச் சமம். அதிலும் ஒரு சிக்கல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. ஏப்ரல் கடைசியில் அனுப்பிய சரக்கின் பணம் ஜூன் கடைசியில்தான் வரும். தடை முடிந்து விசைப்படகுகள் முதல் மீனோடு கரை சேரும்போது உங்கள் கை காலி.

இனி கழிவுக்கு வருவோம். ஏழு நாளில் கொடுத்தால் உங்களுக்கு 23 நாள் மிச்சம். அதே இரண்டு வட்டிக்கு, லட்சத்துக்கு 23 நாள் என்பது ஏறக்குறைய 1,530 ரூபாய். அதில் 1,000 ரூபாயை அவருக்கு விட்டுக் கொடுத்தாலும் 530 உங்களுக்கு நிற்கும். 1,500 கொடுத்தால் கைக்கும் வாய்க்கும் சரியாகிவிடும்.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். 23 நாள் முன்பே கொடுப்பதற்கு ஒரு சதவீதம் என்பது மாதத்துக்கு ஏறக்குறைய 1.3 வட்டி. வங்கியில் ஒரு வட்டிக்கு ஓ.டி. வைத்திருப்பவருக்கு இது லாபம், எடுத்துக்கொள்வார். இரண்டு வட்டிக்கு வெளியே புரட்டுபவருக்குக் கட்டாது, மறுத்துவிடுவார். ஆக, அவர் சொல்லும் பதிலே அவர் பணப்பெட்டியின் நிலவரத்தைக் காட்டும். கழிவும் வேண்டாம், அறுபது நாள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சரக்கின் அளவைக் குறைக்க ஆரம்பியுங்கள்.

மறுப்பைப் போனில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் உறுதி செய்யுங்கள். காரணத்தை நீட்ட வேண்டாம். நீட்டினால் ஒவ்வொன்றுக்கும் பேரம் தொடங்கும். இப்படி எழுதலாம்:

"அண்ணாச்சி, முப்பது நாளுக்கு மேல் என்னால் தாங்க முடியாது. ஆனால் சரக்கு இறங்கி ஏழு நாளுக்குள் பணம் என் கணக்கில் ஏறினால் அந்தப் பில்லுக்கு ஒரு சதவீதம் கழிவு. முப்பது நாள் தாண்டிய பழைய பாக்கி இருந்தால் கழிவு கிடையாது. எடை, தரம் பற்றிய குறை எதுவானாலும் இறங்கிய மூன்று நாளுக்குள் சொல்லிவிடுங்கள். அடுத்த லோடிலிருந்து இதுதான்."

மூன்று நாள் வரியை விட்டுவிடாதீர்கள். கருவாடு நிற்க நிற்க ஈரம் வற்றி எடை குறையும். சரியாகக் காயாததோ, கிடங்கில் ஈரம் ஏறியதோ சிவந்து போகும். ஒரு மாதம் கழித்து "நாலு கிலோ குறைந்தது, சாளை சிவந்துவிட்டது" என்று பில்லில் கை வைத்தால், அது உங்கள் களத்தில் நடந்ததா, அவர் கிடங்கில் நடந்ததா என்று யார் நிரூபிப்பது?

பெரும்பாலும் தகராறு வருவது ஒரே இடத்தில்தான்: இருபதாம் நாள் பணம் அனுப்பிவிட்டு, கழிவையும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பில்லை முழுத்தொகைக்கே போடுங்கள். பணம் கணக்கில் ஏறிய தேதியைப் பார்த்து, கழிவை அடுத்த பில்லில் வரவு வையுங்கள். காசோலைத் தேதி கணக்கில்லை. தாமதமாக வந்தும் ஆயிரம் குறைத்திருந்தால், அடுத்த பில்லில் "பழைய பாக்கி 1,000" என்று ஒரு வரி ஏற்றிவிடுங்கள். முதல் தடவையே ஏற்றிவிட வேண்டும். இரண்டு தடவை பேசாமல் விட்டால் அது விலைக்குறைப்பாகவே மாறிவிடும்.

சட்டமும் கொஞ்சம் உதவும். நீங்களே காயவைத்துப் பதப்படுத்துவதால், குறு அல்லது சிறு தொழிலாக உத்யம் பதிவு எடுத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. அதற்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும் என்பதால் அவருடைய ஆடிட்டரே அவரை முடுக்குவார். வாங்கி விற்பது மட்டும் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இதை முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். "எங்கள் ஆடிட்டரும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறார்" என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தால் போதும்.