மழைநீர் வடிகால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றுதானே?

பதில்: இரண்டும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்கள் உண்டு. மற்ற இடங்களில் இல்லை. வடிகால் நீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்கோ கடலுக்கோ போகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது.

கேள்வி: எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது. காரணம் என்ன?

பதில்: தெரு மேடா, பள்ளமா, நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அடுத்த மழையின்போது ஓரமாக நின்று, வடிகால் வாயின் கம்பிச் சட்டத்துக்குக் கீழே பாருங்கள். தெருவில் நீர் நிற்க, அடியிலுள்ள தொட்டி காலியாக இருந்தால், சட்டத்தின்மேல் படிந்த இலையும் பாலித்தீனும்தான் காரணம். தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால் அடைப்பு குழாயில் இருக்கிறது. அல்லது குழாய் சென்று சேரும் ஆற்றின் மட்டமே உயர்ந்திருக்கிறது. ஆறு உயர்ந்திருந்தால் எவ்வளவு தூர்வாரினாலும் அது தணியும்வரை நீர் வடியாது.

கேள்வி: குழாயில் பாதிதான் மண். பாதி நீராவது போகுமே?

பதில்: போகாது. வழி பாதியாகக் குறைவதோடு வேகமும் குறைவதால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். 6,000 சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்து, அத்தனையும் வடிகாலுக்கு வந்தால், நொடிக்கு 100 லிட்டர் சேரும். ஓரளவு சரிவுள்ள 450 மில்லிமீட்டர் குழாய் சுத்தமாக இருந்தால் 200 லிட்டரைக் கொண்டுபோகும். பாதி மண் நின்றால் 70 லிட்டர்தான். மிஞ்சும் 30 லிட்டர் அரை மணி நேரத்தில் 54,000 லிட்டராகி, 1,000 சதுர மீட்டர் தெருவில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும்; பள்ளமான முனையில் முழங்காலைத் தொட்டாலும் வியப்பில்லை.

கேள்வி: தேங்கிய மழைநீர் வடிய, கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறோம். தவறா?

பதில்: ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கடிதம் வருகிறது, நானும் அலுக்காமல் எழுதுகிறேன்: திறக்காதீர்கள். கழிவுநீர்க் குழாய் வீடுகளில் செலவாகும் நீரைக் கணக்கிட்டு, உச்ச நேரத்துக்காகச் சில மடங்கு கூட்டி அமைக்கப்படுவது. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 600 லிட்டர் செலவாகும் என்று வையுங்கள். மேற்சொன்ன மழையில் 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் மட்டும் ஒரு மணி நேரத்தில் விழுவது 6,000 லிட்டர், அதாவது பத்து நாள் கழிவுநீர். உங்கள் தெரு நீரைக் குழாயில் விட்டால் அது நிரம்பி, தாழ்வான தெருவில் இருப்பவரின் கழிவறை வழியாக மலநீராக மேலே வரும். மழைநீரோடு போகும் மணல் குழாயிலேயே தங்கிவிடுவதால், மழை நின்ற பிறகும் அடைப்பு தொடரும். கலங்கிய நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி நடந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாது. விழுந்தவரைக் குழாய் இழுத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க யாரையும் உள்ளே இறக்காதீர்கள் என்பதையும் மறுபடி சொல்கிறேன்; ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருந்தால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வரும்.

கேள்வி: மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் சேர்க்கலாமா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். தனித்தனி அமைப்பு உள்ள இடத்தில் கூடாது.