தட்டின் மேல் ஒரு தம்ளர்

“வயது 49. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போட வேண்டும். வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுகிறேன். போன வாரம் காலையில் விட்டதற்கும் சேர்த்து இரவில் இரண்டாகப் போட்டேன். கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. மாலையில் தட்டுவடை செட்டையும் விட முடியவில்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்தேன். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதா?”

எந்த வேளை விட்டது, அன்று என்ன ஆயிற்று என்று இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் என்று சந்தேகிக்க இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை. பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, பட்டறைக் கணக்கு குழம்பினாலோ வாருங்கள், பார்க்கலாம்.

என்னை உலுக்கியது அந்த இரவுதான். நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. சர்க்கரை தாழ்ந்த பிறகும் அது தன் வேலையை நிறுத்தாது. இன்னும் தாழ்ந்திருந்தால் பேச்சு குழறி, நினைவே தப்பியிருக்கும். விட்ட வேளையை ஈடுகட்ட இரண்டாகப் போடும் வைத்தியத்தை உங்களுக்கு யார் சொன்னார்களோ, இனி வேண்டாம். விட்டது விட்டதுதான், அடுத்த வேளைக்கு ஒன்றுதான்.

மறுபடி நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மீண்டும் அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். இந்த மருந்து பல மணி நேரம் உடலில் நின்று மறுபடியும் சர்க்கரையை இறக்கும். ஆகவே தெளிந்துவிட்டது என்று படுத்துவிடாமல் அப்போதே மருத்துவரிடம் போங்கள். நினைவு தப்பினால் வீட்டார் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு அளவைக் குறைப்போம், மிகவும் பழுதாகியிருந்தால் நிறுத்திவிடுவோம், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின் பாருங்கள். இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள்.

இனி மறப்பதற்கு வருவோம். ஏற்காட்டுக் காப்பித் தோட்ட மேஸ்திரி ஒருவர், இதே மாத்திரையைப் படுக்கையறைப் பீரோவில் வைத்திருந்தார். சாப்பிடுவது அடுக்களையில், மாத்திரை எப்படிக் கண்ணில் படும்? காப்பி ஃபில்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அது என் தவறு. மறதி நின்றது, நடுக்கம் வந்தது. விடியற்காலை காப்பியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குத் தோட்டத்தில்தான் அவர் சாப்பிடுகிறார் என்று நான் கேட்டு அறியவில்லை. வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு போகக் கூடாது. பிறகு காலை மாத்திரை அவருடைய டிபன் பாக்ஸ் பைக்குள் போனது. பையைத் திறந்தால்தான் சோறு; திறந்தால் மாத்திரையும் கையில் தட்டுப்படும். இரண்டு தொல்லையும் அதோடு தீர்ந்தன.

உங்களுக்கும் சாப்பாட்டுத் தட்டுதான் சரியான இடம். ஆனால் மாத்திரையைக் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். சிறு குழந்தை ஒரே ஒரு கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. மாத்திரை அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். நீங்கள் சாப்பிடும் தட்டின் மேல் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். தம்ளரை எடுக்காமல் சாப்பிட உட்கார முடியாது. எடுத்த கை மேல்தட்டுக்குப் போகட்டும். தட்டைக் கழுவி வைக்கும்போதே தம்ளரையும் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வேளைக்கு நினைவூட்ட ஒன்றும் இருக்காது.

மாத்திரை அட்டைக்குப் பதிலாக, காலை இரவு என்று வாரத்துக்கு 14 அறைகள் உள்ள பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். ‘போட்டேனா, இல்லையா?’ என்ற சந்தேகத்துக்கு அறை காலியா என்று பார்த்தால் போதும். இரண்டாவது மாத்திரைக்குக் கை போகாது.

தட்டுவடை செட் ஒன்றும் குற்றமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்று சாப்பிடுங்கள். தினமும் வேண்டுவது பசியால்தான். மதியம் சாப்பிட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து, எண்ணெய் மணக்கும் வண்டியைத் தாண்டி நடந்தால் யாருக்கும் கால் நிற்கத்தான் செய்யும். ஐந்து மணிக்குப் பட்டறையிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, வண்டி இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி 22ஆம் நாள் தம்ளரை எடுத்துவிடாதீர்கள். 2010இல் இதழில் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை.

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, நடுங்கிய இரவைச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகிறது என்பதையும் மறைக்காதீர்கள். அது தெரியாமல் அளவை ஏற்றிவிட்டால், நீங்கள் ஒழுங்காகப் போடத் தொடங்கும் வாரத்திலேயே சர்க்கரை மறுபடி தாழும்.