நிறுவனம் தடுத்தாலும் கடமை கேப்டனுடையதே

கேள்வி: நான் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன். இரவு 1.40 மணிக்கு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்திலிருந்து செய்தி வந்தது. 36 கடல் மைல் தொலைவில் ஒரு மரப் படகில் சுமார் 50 பேர் இருக்கிறார்கள், எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். எங்கள் வேகம் 12 நாட். நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "எந்த நாட்டவர் என்றே தெரியாது, ஏற்றினால் எங்கேயும் இறக்க விடமாட்டார்கள், வாடகையும் போய்விடும், தொடர்ந்து போங்கள்" என்றார்கள். ஏ.ஐ.எஸ். திரையில் வேறு இரண்டு கப்பல்கள் எங்களைவிட அருகில் தெரிந்தன. லாக் புக்கில் "மற்ற கப்பல்கள் அருகில் உள்ளன" என்று எழுதிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தேன். காலை ஏழு மணிக்குத்தான் ஒரு கப்பல் அவர்களை மீட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது கப்பல் பதிவான கொடி நாடு விளக்கம் கேட்டிருக்கிறது. என் மீது குற்றம் வருமா? இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: வரக்கூடும். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் கடமையிலிருந்து நீங்கள் விடுவிக்கப்பட்டதற்கான ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அனைவரும் உயிர் பிழைத்தது பெரும் ஆறுதல். ஆனால் சட்டம் பார்ப்பது முடிவை அல்ல, 1.40 மணிக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், 33-ஆம் விதி உங்கள் விஷயத்தின் மையம். ஆபத்தில் இருப்பவர்களைப் பற்றி எந்த வழியாகத் தகவல் வந்தாலும், உதவக்கூடிய நிலையில் உள்ள கப்பலின் கேப்டன் முழு வேகத்தில் அவர்களை நோக்கிச் செல்லக் கடமைப்பட்டவர் என்று அது சொல்கிறது. அவர்களுடைய நாடு எது, சட்டப்படியான நிலை என்ன, எந்தச் சூழ்நிலையில் அவர்கள் காணப்படுகிறார்கள் என்பவற்றால் இந்தக் கடமை மாறாது என்பதையும் அந்த விதியே வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. இது புதிய சிந்தனையும் அல்ல. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான கடல் மீட்பு உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, கடலில் அழியும் ஆபத்தில் இருப்பவர் எதிரியாகவே இருந்தாலும் கேப்டன் உதவ வேண்டும் என்று விதித்தது. எனவே "எந்த நாட்டவர் என்றே தெரியாது" என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது காரணமாக எடுத்துக்கொள்ளப்படவே மாட்டாது. அதை உங்கள் விளக்கத்தில் ஒரு நியாயமாக எழுதிவிடாதீர்கள்.

அருகில் வேறு கப்பல்கள் இருந்தன என்பதுதான் உங்களுடைய உண்மையான வாதம். பல கேப்டன்கள் நல்ல நம்பிக்கையிலேயே இந்த இடத்தில் தவறுகிறார்கள். கடமையிலிருந்து விடுதலை கிடைக்கும் வழிகளை 33-ஆம் விதி வரையறுத்திருக்கிறது. மீட்பு மையமோ ஆபத்தில் இருப்பவர்களோ வேறு கப்பலை உதவிக்கு அமர்த்தி, அந்தக் கப்பல் அதை ஏற்றுச் செயல்படுகிறது என்றும் உங்கள் கப்பல் அமர்த்தப்படவில்லை என்றும் நீங்கள் அறிந்துகொள்வது ஒன்று. உதவி இனித் தேவையில்லை என்று ஆபத்தில் இருப்பவர்களோ, மீட்பு மையமோ, அவர்களை ஏற்கெனவே சென்றடைந்த இன்னொரு கப்பலின் கேப்டனோ உங்களுக்குத் தெரிவிப்பது மற்றொன்று. இரண்டிலும் யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரிய வந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் இரண்டு புள்ளிகள் அதைச் சொல்லமாட்டா. அந்தக் கப்பல்கள் செய்தியைக் கேட்டனவா, திசை மாறினவா, அல்லது அவற்றின் கேப்டன்களும் உங்கள் கப்பலைத் திரையில் பார்த்துவிட்டு இதே முடிவுக்கு வந்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. காலை ஏழு மணி வரை படகு கடலில் கிடந்ததைப் பார்க்கும்போது கடைசியாகச் சொன்னதே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. 12 நாட் வேகத்தில் 36 கடல் மைல் என்பது மூன்று மணி நேரம். நீங்கள் 1.40-க்கே திரும்பியிருந்தால் ஐந்து மணிக்கு முன்பே அவர்கள் அருகில் இருந்திருப்பீர்கள்.

போகாமல் இருக்க உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போக இயலாத நிலையிலும், அந்த நேரத்தின் தனிச் சூழ்நிலையில் போவது நியாயமற்றது அல்லது தேவையற்றது என்று கேப்டன் கருதும் நிலையிலும் விதி இடம் தருகிறது. கடல் சட்டம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 98-ஆம் பிரிவும், கப்பலுக்கும் அதில் இருப்பவர்களுக்கும் கடும் ஆபத்து நேராத அளவுக்கே இந்தக் கடமையை விதிக்கிறது. முதன்மை எஞ்சின் பழுது, சரக்கு இடம்பெயர்ந்து கப்பல் சாய்ந்திருத்தல், படகு இருக்கும் ஆழமற்ற பகுதிக்குள் உங்கள் கப்பல் நுழைய முடியாமை போன்றவை அப்படிப்பட்ட காரணங்கள். அப்போதும் போகாததற்கான காரணத்தை லாக் புக்கில் பதிய வேண்டும். மீட்பு மையத்துக்கும் தெரிவிக்குமாறு சர்வதேசக் கடல்சார் அமைப்பு பரிந்துரைக்கிறது. அந்தக் காரணம் கேப்டன் அந்த நேரத்தில் உண்மையாகவே எடைபோட்டுப் பார்த்த காரணமாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய ஒரு வரியில் அந்தக் கப்பல்களின் பெயர் இல்லை, தொலைவு இல்லை, அவற்றை அழைத்தீர்களா என்பது இல்லை, மையத்திடம் கேட்டீர்களா என்பதும் இல்லை. உங்கள் முடிவுக்குப் பின்னால் இருந்த தொலைபேசி உரையாடலும் அதில் இல்லை.

அந்த உரையாடல் மறைந்துவிடாது. உங்கள் கப்பலில் பயணத் தரவுப் பதிவுக் கருவி இருந்தால், பிரிட்ஜில் பேசியது, வி.எச்.எஃப். வானொலிப் பேச்சு, கப்பலின் இருப்பிடம், ரேடார் படம் அனைத்தும் நேரத்தோடு அதில் பதிவாகியிருக்கும். லாக் புக் ஒன்றும் கருவி வேறொன்றும் சொன்னால் விசாரணை அதிகாரி எதை நம்புவார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே லாக் புக்கில் இப்போது ஓர் எழுத்தைக் கூடச் சேர்க்காதீர்கள், அடிக்காதீர்கள். கருவியின் பழைய பதிவு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானே அழிந்து அதன் மேல் புதியது எழுதப்படும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கோருங்கள்.

அடுத்தது நிறுவனம். ஐந்தாம் அத்தியாயத்தின் 34-1 விதி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் தம் தொழில்முறைத் தீர்ப்பின்படி தேவை என்று கருதும் முடிவை எடுப்பதையோ நிறைவேற்றுவதையோ உரிமையாளரும், வாடகைக்கு எடுத்தவரும், கப்பலை இயக்கும் நிறுவனமும் தடுக்கக் கூடாது என்கிறது. உங்கள் நிறுவனம் செய்தது இந்த விதிக்கு முரணானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதனால் உங்கள் சுமை குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். 1989-ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கையில் 10-ஆம் பிரிவு, உதவும் கடமையைக் கேப்டன் மீது சுமத்திவிட்டு, அவர் அதை மீறினால் உரிமையாளருக்குப் பொறுப்பு இல்லை என்றும் சொல்கிறது. தொலைபேசியில் உத்தரவிட்டவர் ஒதுங்கிக்கொள்ளலாம், பிரிட்ஜில் நின்றவர் தண்டனையை எதிர்கொள்ளலாம் என்பதே இதன் நடைமுறை விளைவு. இது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனால் சட்டம் இப்படித்தான் நிற்கிறது. தண்டனை எவ்வளவு என்பதை உங்கள் கொடி நாட்டின் சட்டமே முடிவு செய்யும். எடுத்துக்காட்டாக பிரிட்டனின் 1995-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் இந்த மீறலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

வாடகை இழப்பைப் பற்றிய பயத்துக்கும் பெரும்பாலும் ஆதாரமில்லை. 1880-இல் இங்கிலாந்து நீதிமன்றம் விசாரித்த ஸ்கரமாங்கா எதிர் ஸ்டாம்ப் வழக்கில், ஒலிம்பியாஸ் என்ற கப்பல் பழுதடைந்த இன்னொரு கப்பலைப் பணத்துக்காக இழுத்துச் செல்லும்போது தரைதட்டி அழிந்தது. சரக்கு உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், உயிரைக் காக்க வழி விலகுவது நியாயம், சொத்தை மட்டும் காக்க விலகுவது நியாயமல்ல என்று பிரித்துக் காட்டியது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்காகப் பின்னால் வந்த ஹேக் விதிகள் சொத்தைக் காக்க விலகுவதையும் அனுமதித்தன. உயிருக்காக விலகும் உரிமை ஒருபோதும் கேள்விக்குள்ளாகவில்லை. வாடகை ஒப்பந்தங்களிலும் இதற்கான பிரிவு வழக்கமாகவே இருக்கும். கூடுதல் எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணம் போன்ற செலவுகளைப் பொதுவாகக் கப்பல் உரிமையாளர்களின் காப்பீட்டுச் சங்கமான பி அண்ட் ஐ கிளப் ஏற்கும். வழி விலகிய நேரத்துக்கான வாடகையை எவர் ஏற்பது என்பது ஒப்பந்தச் சொற்களைப் பொறுத்தது. அது நிறுவனங்கள் பின்னர் வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயம், இரவு இரண்டு மணிக்குக் கேப்டன் தீர்க்க வேண்டியதல்ல.

ஏற்றியவர்களை இறக்க விடமாட்டார்கள் என்ற பயம் மட்டும் வெறுங்கற்பனை அல்ல. 2001 ஆகஸ்டில் நார்வே நாட்டின் டாம்பா கப்பல், கேப்டன் ஆர்னே ரின்னன் தலைமையில் 27 மாலுமிகளோடு, மூழ்கும் படகிலிருந்து 438 பேரை மீட்டது. ஆஸ்திரேலியா அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க மறுத்துப் படைவீரர்களைக் கப்பலில் ஏற்றியது. அதன் தொடர்ச்சியாகவே 2006 ஜூலை 1 முதல், மீட்கப்பட்டவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கி, கப்பலை இயன்ற அளவு குறைந்த விலகலோடு விடுவிக்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று சோலாஸ் திருத்தப்பட்டது. அதன் பிறகும் 2020-இல் மேர்ஸ்க் எட்டியென் என்ற டாங்கர் 27 பேரோடு மால்டா அருகே ஐந்து வாரங்களுக்கு மேல் காத்துக் கிடந்தது. நாடுகள் தங்கள் கடமையில் தவறியிருக்கின்றன. அதனால் கேப்டனின் கடமை நீங்கிவிடாது.

இனி இப்படிச் செய்தி வந்தால், வந்த நேரத்தைக் குறித்து, இருப்பிடத்தை வரைபடத்தில் இட்டு, படகை நோக்கித் திரும்பிக்கொண்டே மையத்துக்குப் பதில் அனுப்புங்கள். உங்கள் இருப்பிடம், சென்று சேரும் நேரம், மாலுமிகளின் எண்ணிக்கை, நீர்மட்டத்திலிருந்து தளத்தின் உயரம், மீட்புப் படகின் நிலை ஆகியவற்றைச் சொல்லி, "எங்களை அமர்த்துகிறீர்களா, விடுவிக்கிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள். விடுவித்தால் அதை எழுத்தில் வாங்கி, நேரத்தோடு பதியுங்கள். நிறுவனத்துக்கு அதன் பிறகு தகவல் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். கடல் கொந்தளிப்பில் எவரையும் ஏற்ற முடியாவிட்டாலும், காற்றைத் தடுக்கும்படி கப்பலை நிறுத்தி, மிதவைச் சட்டைகளை இறக்கிக் கொடுத்து, வேறு கப்பல் வரும்வரை அருகில் நிற்பதும் சட்டத்தின் பார்வையில் உதவியே.

கொடி நாட்டுக்கு அனுப்ப வேண்டிய விளக்கத்தை நிறுவனத்தின் வழக்கறிஞர் தயாரித்துத் தந்தால் அதில் கையெழுத்திடாதீர்கள். அந்தத் தொலைபேசி உரையாடலைப் பொறுத்தவரை உங்கள் நலனும் நிறுவனத்தின் நலனும் எதிரெதிரானவை. அவர் நிறுவனத்துக்காகப் பேச வேண்டியவர். உங்களுக்கென்று தனி வழக்கறிஞரை அமர்த்துங்கள். மாலுமிகள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் வழியாகவும் ஏற்பாடு செய்யலாம். அவர் பதிவுகளைப் பார்க்கும் வரை கால அவகாசம் கோருங்கள். யாருடன் எந்த நேரத்தில் பேசினீர்கள், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை நினைவு மங்கும் முன், இன்றைய தேதியிட்ட தனித் தாளில், அவருக்காக மட்டும் எழுதி வையுங்கள்.