காபன் கணக்குச் சான்றிதழுக்குக் காசு கட்டுமுன் காஸ் பில்லைப் பாருங்கள்

வணக்கம் ஐயா.

மகள் பட்டயக் கணக்காளர் படிப்பில் பாதிவழி தாண்டிவிட்டார், யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் மூன்றாவது வருடமாகப் பயிற்சியில் இருக்கிறார், இப்போது சுற்றாடல் அறிக்கையிடல் பக்கம் போக நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று பாடநெறிகளின் விளம்பரத்தையும் அனுப்பி, எதற்குப் பணம் கட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதம் எதற்கும் கட்ட வேண்டாம். எதற்குக் கட்டுவது என்பது அவர் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறார் என்பதைப் பொறுத்தது. அதை அவரே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவு கிடையாது.

முதலில், இந்த வேலை ஏன் திடீரென்று கணக்காளர் மேசைக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் சர்வதேச நிலைபேறு நியமச் சபை எஸ்1, எஸ்2 என்று இரண்டு நியமங்களை வெளியிட்டது. எஸ்2 காலநிலைக்குரியது. இலங்கை பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை இலங்கை நியமங்களாக ஏற்றது. கொழும்புப் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் நிதியாண்டிலிருந்து இவை பொருந்தும். மற்றவர்கள் படிப்படியாக உள்ளே வருவார்கள். வடக்கில் உள்ள சிறிய கம்பனியை நியமம் நேரடியாகக் கேட்காது. ஆனால் அதனிடம் மீன் வாங்கும், உடுப்புத் தைப்பிக்கும் பெரிய கம்பனி தன் விநியோகச் சங்கிலியின் உமிழ்வையும் எழுத வேண்டும். முதல் வருடத்துக்கு மட்டும் அதில் சலுகை உண்டு. அது முடிந்ததும் யாழ்ப்பாணத்து ஐஸ் தொழிற்சாலைக்கு ஒரு எக்செல் படிவம் வந்து சேரும். அதை யாராவது நிரப்பத்தானே வேண்டும்.

ஆகவே மகளுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான். ஒரு ஐஸ் தொழிற்சாலை, அதோடு மீன் உறைய வைக்கும் குளிரறை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. அதன் ஒரு வருடக் காபன் கணக்கை, அதாவது வருடத்தில் அது வெளியிட்ட பசுமை இல்ல வாயு எத்தனை தொன் என்பதை, பேரேட்டிலிருந்தே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்லும் ஜி.எச்.ஜி புரொட்டகோலின் கம்பனி நியமத்தை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். கம்பனி தானே எரிப்பதும் கசிய விடுவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3. தொடக்கத்துக்கு முதல் இரண்டும் போதும்.

மின்சாரம் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படும். மின்சார சபையிடமிருந்து வருடத்துக்கு 6,00,000 அலகு என்றும், ஓர் அலகுக்கு 0.5 கிலோ காபனீரொட்சைட்டு என்றும் கணக்கு வசதிக்காக எடுத்தால் 300 தொன் வரும். ஓர் அலகுக்கு எத்தனை கிலோ என்ற உண்மையான காரணியை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை வெளியிடும் வருடாந்த வலுசக்தி ஐந்தொகையில் தேட வேண்டும். இங்கேதான் முதல் வழுக்கல். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் இருக்கும். ‘ஒப்பரேற்றிங் மார்ஜின்’, ‘பில்ட் மார்ஜின்’ போன்றவை காபன் வரவுத் திட்டங்களுக்கானவை. நீர்மின்னை ஒதுக்கிவிட்டுக் கணிப்பதால் ஒப்பரேற்றிங் மார்ஜின் எப்போதும் கூடுதலாக நிற்கும். கம்பனிக் கணக்குக்கு வேண்டியது முழு மின்வலையின் சராசரிக் காரணி. ஒரே பக்கத்தில் இருப்பதால் ஆட்கள் பெரிய எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மழை கூடிய வருடமும் வறண்ட வருடமும் சராசரியை மாற்றும் என்பதால், எந்த வருடத்துக் காரணி என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கூரையில் சூரியப் படலம் இருந்தால் இரண்டாவது வழுக்கல் வரும். தொழிற்சாலை வலையிலிருந்து 6,00,000 அலகு எடுத்து, 90,000 அலகு திருப்பிக் கொடுத்திருந்தால், கழித்த பிறகு நிற்கும் 5,10,000ஐ எடுத்துக் கணக்குப் போட ஆசை வரும். அப்படிப் போட்டால் 45 தொன் காணாமல் போகும். வலையிலிருந்து உள்ளே எடுத்த அலகுதான் ஸ்கோப் 2. வெளியே கொடுத்ததைக் கழிக்கக் கூடாது. ‘நெற் பிளஸ்’ திட்டத்தில் படலம் உற்பத்தி செய்யும் எல்லாமே தனி மீற்றரில் சபைக்கு விற்கப்படுகிறது. அங்கே தொழிற்சாலை பாவிப்பது முழுவதும் வலை மின்சாரம்தான், மேலே படலம் பளபளத்தாலும்.

ஜெனரேற்றர் டீசல் சுலபம். லீற்றருக்கு ஏறத்தாழ 2.68 கிலோ. 14,000 லீற்றருக்கு 37.5 தொன். கவனிக்க வேண்டியது, பேரேட்டில் ரூபாய் மட்டும் இருக்கும் என்பது. விலை வருடத்துக்குள் பல தடவை மாறும், ஆகவே மொத்த ரூபாயைச் சராசரி விலையால் பிரிக்காமல் பில்லில் உள்ள லீற்றரைக் கூட்ட வேண்டும். கம்பனியின் சொந்த லொறிக்கு அடித்த டீசலும் ஸ்கோப் 1. கொழும்புக்கு மீன் கொண்டுபோக வாடகைக்கு எடுத்த லொறி ஸ்கோப் 3. சாரதிக்குக் காசு கொடுத்தது யார் என்பதை வைத்துப் பிரிக்காமல், வாகனம் யாருடைய கட்டுப்பாட்டில் ஓடுகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இனி, யாரும் பார்க்காத வரி. பேரேட்டில் ‘பழுதுபார்ப்பும் பராமரிப்பும்’ என்ற கணக்கைத் திறந்தால் ‘குளிரறை சேர்விஸ், காஸ் அடித்தது’ என்று கூலியோடு சேர்த்து ஒரே தொகையாகக் கிடக்கும். கணக்காய்வில் அது சின்னச் செலவு, யாரும் வவுச்சரைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அந்த வவுச்சரைத் தூக்குங்கள். காஸ் எது, எத்தனை கிலோ என்று அதில் இல்லாவிட்டால் மெக்கானிக்குக்கு அழைப்பு எடுத்து உருளையின் நிறையைக் கேட்க வேண்டும். குளிரறைகளில் பாவிக்கும் ஆர்-404ஏ என்ற காஸ் பெரும்பாலும் 10.9 கிலோ உருளையில் வரும். வருடத்தில் ஆறு உருளை வாங்கி, தொடக்கத்தில் கையிருப்பு ஒன்றும் இல்லாமல், முடிவில் ஒன்று உடைக்காமல் மிஞ்சினால், கசிந்து போனதை ஈடுசெய்ய அடித்தது ஐந்து. அதாவது 54.5 கிலோ. தொடக்க இருப்போடு கொள்வனவைக் கூட்டி இறுதி இருப்பைக் கழிப்பதை மகள் நூறு தடவை செய்திருப்பார். புதிதாகப் பூட்டிய இயந்திரத்துக்கு முதல் தடவை நிரப்பியதைக் கசிவாக எடுக்காமல் கழித்துவிட வேண்டும். அது இன்னும் குழாய்க்குள்ளேதான் இருக்கிறது.

ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டின்படி இந்தக் கலவையின் ஒரு கிலோ 4,728 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். 54.5 கிலோவுக்கு 257.7 தொன். முழு மின்சாரத்துக்கும் 300 தொன், யாரும் பார்க்காத ஐந்து உருளைக்கு 258 தொன்! மொத்தம் 595 தொன்னில் நாற்பது வீதத்துக்கு மேல் அந்தப் பராமரிப்பு வவுச்சருக்குள் ஒளிந்திருந்தது. பழைய கல்குலேற்றர்களில் இன்னும் நான்காவது மதிப்பீட்டின் 3,922 கிடக்கும். அதைப் போட்டால் 44 தொன் குறையும். எஸ்2 கேட்பது ஐ.பி.சி.சி.யின் ஆகப் புதிய மதிப்பீட்டை.

காஸின் பெயரும் முக்கியம். பழைய இயந்திரத்தில் ஆர்-22 இருந்தால் அது கியோட்டோ காலநிலை உடன்படிக்கையின் ஏழு வாயுக்களுக்குள் வராது. அதை மொத்தத்தில் சேர்க்காமல் தனியாகக் கீழே காட்ட வேண்டும். அமோனியாவில் ஓடும் ஐஸ் ஆலைக்கு இந்த வரி பூச்சியம். ‘ஏசி காஸ்’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக் கணக்கை முடித்தவர் எங்கோ ஓரிடத்தில் ஊகித்திருக்கிறார் என்றே அர்த்தம்.

மகளுக்கு இதைச் செய்யும்போது எந்தப் பகுதி இனித்தது என்று கேளுங்கள். பில்லைத் தேடிக் கணக்கைக் கட்டியது பிடித்திருந்தால், அவர் கம்பனிக்குள் அறிக்கை தயாரிப்பவர். அவருக்குப் பொருத்தம் ஐ.எப்.ஆர்.எஸ் அறக்கட்டளை நடத்தும் எப்.எஸ்.ஏ சான்று, இரண்டு நிலைப் பரீட்சை. எந்தத் துறைக் கம்பனி எதை வெளிப்படுத்த வேண்டும், அது இலாபத்தை எப்படித் தொடும் என்பதை நன்றாகக் கற்பிக்கும். மேலே செய்த கணக்கை அது கற்பிக்காது. அதனால்தான் முதலில் செய்யச் சொன்னேன்.

மற்றவர் போட்ட கணக்கில் ஓட்டை தேடுவது பிடித்திருந்தால் அவர் உறுதிப்பாட்டுப் பக்கம். இருக்கும் பயிற்சியை விடாமல் முடித்து உறுப்புரிமை எடுப்பதுதான் அங்கே முதல் தகைமை. 2024 நவம்பரில் வந்த ஐ.எஸ்.எஸ்.ஏ 5000 என்ற உறுதிப்பாட்டு நியமம் 2026 டிசம்பர் 15 முதல் தொடங்கும் காலங்களுக்கு அமுலாகிறது. நிறுவனங்கள் ஆள் தேடும். நீங்கள் அனுப்பிய விளம்பரங்களில் ஒன்று ஐ.எஸ்.ஓ 14064 தலைமைச் சரிபார்ப்பாளர் பாடநெறி. பாடம் பிழையில்லை, ஆனால் விளம்பரம் சொல்வதுபோல் அதை முடித்தவர் தனியாகக் கையொப்பமிட்டுச் சான்றளிக்க முடியாது. அங்கீகாரம் ஐ.எஸ்.ஓ 14065இன் கீழ் நிறுவனத்துக்குக் கிடைப்பது. தனியாளிடம் இருப்பது பயிற்சிச் சான்று மாத்திரமே.

கடன் கொடுத்தால் இந்த ஐஸ் தொழிற்சாலை பத்து வருடம் தாங்குமா என்று யோசித்தாரானால் வங்கி. அதற்கு இடர் முகாமையாளர்களின் கார்ப் அமைப்பு நடத்தும் எஸ்.சி.ஆர் என்ற காலநிலை இடர்ச் சான்று. 80 கேள்விகள், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பரீட்சை. இலங்கை மத்திய வங்கி 2022இல் பசுமை நிதி வகைப்பாட்டை வெளியிட்ட பிறகு வங்கிகளில் இதற்குப் பேச்சு இருக்கிறது. பங்கு முதலீட்டுப் பக்கம் போவதென்றால் சி.எப்.ஏ நிறுவகத்தின் சான்று, ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி அதற்கு வேலை தேடுவது கடினம்.

மூன்றாவது விளம்பரத்தில் உள்ள ‘சேர்ட்டிபைட் காபன் எக்கவுன்ரன்ற்’ பட்டத்துக்கு உலகம் முழுவதும் ஏற்ற ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. யாரும் அச்சடிக்கலாம். அவர்களிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: மாணவர் மூலப் பில்லிலிருந்து முழுக் கணக்கு ஒன்றைக் கட்டி, அதை யாராவது திருத்திக் கொடுப்பார்களா? பதில் ‘வீடியோ இருக்கிறது, கடைசியில் வினாடி வினா இருக்கிறது’ என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக் கணக்காக அவர் கணக்காய்வு செய்யும் வாடிக்கையாளரின் பில்களை எடுக்கவே கூடாது. பெயரை அழித்தாலும் அது இரகசியம் பேணும் கடமையை மீறுவது. நேர்முகத்தில் அதைக் காட்டினால் எதிரில் இருப்பவர் முதலில் கவனிப்பதும் அதைத்தான். சொந்தக்காரர் கடை, குளிரறை, அச்சகம் எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யட்டும். கோப்பில் நான்கு தாள் போதும்: எல்லை, பாவனைத் தரவு, காரணிகள், முடிவு. பாவனைத் தாளின் ஒவ்வொரு வரியிலும் பில் இலக்கம், திகதி, அலகு இருக்க வேண்டும். மின் பில் மாதக் கடைசியில் முடியாது என்பதால் மார்ச் 31க்குப் பிந்திய நாட்களை எப்படிப் பிரித்தார் என்று ஒரு வரி. காரணித் தாளில் எங்கே எடுத்தது, எந்த வருடத்தது. பில் கிடைக்காமல் ஊகித்த இடத்தை மஞ்சளில் காட்டி, ஏன் அந்த ஊகம் என்று எழுதட்டும்.

தொழிற்சாலை ஒன்று கைக்கெட்டினால், முதல் கேள்வியாக மெக்கானிக்கிடம் போன வருடம் எத்தனை உருளை அடித்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். காசாளரிடம் அதற்குப் பிறகு போகலாம்.